சுடுசொல் போக, ஆட்சேபம் நிற்க: ஆய்வு நூல் மதிப்புரையைத் திருத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்டமான மதிப்புரை ஒன்று திருத்தத்துக்கு வந்திருக்கிறது. எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது?

வாக்கியங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். தனியாக ஒரு தாள் எடுத்து, மதிப்புரையில் இருக்கும் ஆட்சேபங்களுக்கு எண் போட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் வேண்டும். என்ன தவறு என்கிறார்? எந்தப் பக்கத்தை வைத்துச் சொல்கிறார்? அந்தத் தவறு ஒரு அட்டவணையோடு நிற்கிறதா, ஒரு அத்தியாயத்தைத் தொடுகிறதா, நூல் முழுக்கப் பரவுகிறதா? அதனால் நூலின் எந்த முடிவு ஆட்டம் காண்கிறது?

இந்தத் தாள் இல்லாமல் திருத்தினால், கோபம் போகிற இடத்தில் ஆட்சேபமும் சேர்ந்து போய்விடும். ஆரம்பத்தில் எனக்கே அப்படி நடந்தது. மிக மரியாதையாக மாற்றி அனுப்பினேன். மதிப்புரையாளர் படித்துவிட்டு, "நான் சொன்ன ஐந்தில் மூன்றுதான் இருக்கிறது" என்றார். எந்த இரண்டு போயின என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் எண்ணவே இல்லை.

ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நூலும் மதிப்புரையும் நான் கற்பனையாகக் கட்டியவை. ஒரு துறைமுக நகரத்தின் வணிகர்கள் எப்படிக் கடன் கொடுத்து வாங்கினார்கள் என்பது நூலின் பொருள், 400 பக்கம். மதிப்புரையின் நடுப்பகுதி இப்படிப் போகிறது:

"இந்த ஆசிரியருக்கு ஆவணக் காப்பகத்தின் வாசலாவது தெரியுமா? ஒரே குடும்பத்தின் கடிதக் கட்டை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் மனதையே படித்துவிட்டாராம். மூன்றாம் அத்தியாயத்தில் பற்று எது, வரவு எது என்றே தெரியாமல் கணக்கேட்டைப் படித்திருக்கிறார். பள்ளி மாணவன்கூடச் செய்யாத பிழை. கடன் உறவுகள் பற்றி வந்த முக்கியமான ஆய்வுகளை அவர் திறந்துகூடப் பார்த்ததில்லை. பெண்கள் என்று ஒரு பிறவி இருப்பதே அவருக்குத் தெரியாது போலும். சொன்னதையே சொல்லி 400 பக்கத்தை ஒப்பேற்றியிருக்கிறார்."

பார்த்தவுடன் ஐந்து ஆட்சேபம் தெரிகிறது. ஒரு குடும்பத்தின் சான்றை வைத்து நகரம் முழுவதற்கும் பேசுவது, கணக்கேட்டைத் தலைகீழாகப் படித்தது, முந்தைய ஆய்வுகளைக் கண்டுகொள்ளாதது, பெண்களை விட்டது, திரும்பத் திரும்பச் சொல்வது. முதல் வாக்கியம் வெறும் வசவு மாதிரி இருக்கிறது. அதற்குத்தான் அடுத்த கேள்வி.

வெறும் வசவாக இருக்கும் வாக்கியத்தை அப்படியே நீக்கிவிடலாம்தானே?

எழுதியவரிடம் கேட்காமல் நீக்காதீர்கள். நன்கு தெரிந்தவர் வைகிற வசவுக்குள் பல நேரம் ஒரு ஆட்சேபம் ஒளிந்திருக்கும். அவருக்கு அது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதால் விளக்கத் தோன்றியிருக்காது.

"காப்பகத்தின் வாசலாவது தெரியுமா என்று எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்க்காமல் விட்டார் என்று நினைத்து எழுதினீர்கள்?" என்று கேளுங்கள். நம் மதிப்புரையாளர், "அந்தத் துறைமுகத்துச் சுங்கப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் இந்தக் குடும்பம் தவிர மற்ற வணிகர்களின் சரக்கும் பெயர் வாரியாக வருகிறது. நூலில் ஒரு அடிக்குறிப்புகூட அதைச் சொல்லவில்லை" என்கிறார். பார்த்தீர்களா, இது ஆறாவது ஆட்சேபம். அதோடு முதல் ஆட்சேபத்துக்குத் துணையாகவும் நிற்கிறது: ஒரு குடும்பத்துக்கு வெளியே போக வழி இருந்தது, நூல் போகவில்லை. அந்த வசவை நான் நைசாக வெட்டியிருந்தால் மதிப்புரையின் பலமான பகுதி போயிருக்கும்.

கேட்ட பிறகும் "சும்மா கோபத்தில் எழுதினேன்" என்றால், சரி, எடுத்துவிடலாம்.

ஆட்சேபம் சரிதானா என்று திருத்துகிறவர் பார்க்க வேண்டுமா? அது மதிப்புரையாளரின் பொறுப்பு இல்லையா?

பொறுப்பு அவருடையதுதான். ஆனாலும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பிட்ட பக்கங்களையாவது திறந்து பாருங்கள். கடுமையான மொழிக்கு ஒரு பழக்கம் உண்டு: உண்மையைவிட இரண்டு அடி முன்னால் போய் நிற்கும்.

நம் உதாரணத்தில் மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள். "திறந்துகூடப் பார்த்ததில்லை" என்கிறார். நூலின் கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்தால், அவர் மனதில் வைத்திருக்கும் நான்கு ஆய்வுகளில் இரண்டு அங்கே இருக்கின்றன. ஆனால் நூலுக்குள் எங்கும் அவற்றோடு வாதம் இல்லை. அப்படியென்றால் உண்மையான ஆட்சேபம் வேறு: இரண்டைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார், அவை தன் முடிவுக்கு எதிராகச் சொல்வதற்குப் பதில் தரவில்லை, மற்ற இரண்டும் பட்டியலிலேயே இல்லை. இது பழைய வாக்கியத்தைவிடப் பலமானது. "திறந்து பார்க்கவில்லை" என்று அச்சாகியிருந்தால், நூலாசிரியர் பட்டியலைக் காட்டி ஒரு வரியில் மறுத்திருப்பார். அந்த ஒரு வரி மற்ற ஐந்து ஆட்சேபங்களின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும்.

இப்படி ஆட்சேபத்தின் உள்ளடக்கமே நகரும் இடங்களில் நீங்களாக மாற்றிவிடக் கூடாது. கண்டதைச் சொல்லி அவருடைய ஒப்புதலை வாங்குங்கள். மதிப்புரையின் கீழே வருவது அவர் பெயர்.

வாக்கியத்தில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

முக்கியமாக எழுவாயை. மேலே உள்ள பத்தியில் ஏறக்குறைய எல்லா வாக்கியமும் ஆசிரியரைப் பற்றியது: அவருக்குத் தெரியாது, அவர் பார்த்ததில்லை, அவர் ஒப்பேற்றியிருக்கிறார். எழுவாயின் இடத்தில் நூலையோ அத்தியாயத்தையோ அட்டவணையையோ வைத்துப் பாருங்கள். "அவருக்குப் பற்று வரவு தெரியாது" என்பது ஒரு மனிதரின் அறிவைப் பற்றிய ஊகம், அதைச் சரிபார்க்க வழியில்லை. "97ஆம் பக்க அட்டவணை வரவுப் பக்கத் தொகைகளைப் பற்றாகக் கொள்கிறது" என்பதை யார் வேண்டுமானாலும் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் தெரிந்தே செய்த தேர்வுகளைப் பேசும்போது மட்டும் அவரே எழுவாயாக வரட்டும். அங்கே அவரை மறைத்தால் வாக்கியம் செயற்கையாகிவிடும்.

அடுத்தது, தமிழில் ஏளனம் சிறிய உருபுகளில் உட்கார்ந்திருக்கும். "படித்துவிட்டாராம்" என்பதில் உள்ள "ஆம்", "தெரியாது போலும்" என்பதில் உள்ள "போலும்", "மாணவன்கூட" என்பதில் உள்ள "கூட", "வாசலாவது" என்பதில் உள்ள "ஆவது". பெயரடைகளை எல்லாம் நீக்கிவிட்டு இவற்றை விட்டுவைத்தால் மதிப்புரை அதே அளவு குத்தும். பதில் எதிர்பாராத கேள்விகளும், ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட்ட 'ஆய்வு' போன்ற சொற்களும் இதே வகைதான்.

மரியாதையாக மாற்றினால் சப்பென்று ஆகிவிடுகிறதே?

நம் மொழியில் மரியாதைக்கென்று ஒரு தயார் வாக்கியம் இருக்கிறது: "இன்னும் சற்றுக் கவனம் செலுத்தியிருந்தால் மேலும் சிறப்பாக அமைந்திருக்கும்." இந்த வாக்கியத்தில் ஆட்சேபம் செத்துப்போகிறது. எதில் கவனம், கவனிக்காததால் என்ன ஆயிற்று என்று எதுவுமே இல்லை. வாசகர், ஏற்கனவே சிறப்பான நூல், இன்னும் கொஞ்சம் சிறக்கலாம் என்று புரிந்துகொள்வார். மதிப்புரையாளர் சொன்னதோ ஒரு அத்தியாயத்தின் முடிவே தவறு என்று.

"ஓரளவு", "சில இடங்களில்", "என்று தோன்றுகிறது", "தவிர்த்திருக்கலாம்" ஆகியவையும் அப்படித்தான். உறுதியாகத் தெரிந்ததை "தோன்றுகிறது" என்று எழுதுவது பொய்யடக்கம். உண்மையிலேயே சந்தேகம் இருக்கும் இடத்துக்கு அந்தச் சொல்லைச் சேமித்து வையுங்கள். நம் உதாரணத்தில் கணக்கேட்டுப் பிழை உறுதி. ஆனால் சுங்கப் பதிவேடுகளைப் பார்த்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பது உறுதியில்லை. அங்கே "மாறியிருக்கக்கூடும்" சரியான சொல்.

நியாயம் என்பது தவறின் அளவைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது. பெரிய தவறைப் பெரியது என்று சொல்லலாம். எவ்வளவு பெரியது, எங்கே அதன் எல்லை முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, திருத்திய பத்தி எப்படி இருக்கும்?

மதிப்புரையாளரிடம் பேசி, பக்கங்களையும் பார்த்த பிறகு, இப்படி வரும்:

"கடன் என்பது இந்த நகரத்தில் லாபத்துக்கான வழி மட்டும் அல்ல, நம்பிக்கையை வளர்க்கும் வழியும்கூட என்பது நூலின் வாதம். வட்டி குறைவாக இருந்தும் ஒரே ஆட்களுக்குத் தொடர்ந்து கடன் போனதை அது இதற்குச் சான்றாகக் காட்டுகிறது. அந்தப் போக்கைக் கடிதங்களிலிருந்து நூல் தெளிவாக நிறுவுகிறது. ஆனால் கடிதங்கள் அனைத்தும் ஒரே குடும்பத்தினுடையவை. முதல் அத்தியாயம் அதை ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் அத்தியாயத்திலிருந்து 'இந்நகர வணிகர்கள்' என்றே நூல் பேசுகிறது. மற்ற வணிகர்களைப் பெயர் வாரியாகக் காட்டும் சுங்கப் பதிவேடுகள் கிடைக்கின்றன. நூல் அவற்றைப் பயன்படுத்தவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. அவற்றோடு ஒப்பிட்டிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும். இப்போதைய நிலையில் அது ஒரு குடும்பத்துக்கு மட்டுமே பொருந்தும்.

மூன்றாம் அத்தியாயத்தில் உள்ள சிக்கல் இன்னும் கடுமையானது. ஆள் கணக்குகளில் பற்றுப் பக்கம் நிற்கும் தொகை அந்த ஆள் குடும்பத்துக்குத் தர வேண்டியது. வரவுப் பக்கம் நிற்பது குடும்பம் அவருக்குத் தர வேண்டியது. 97ஆம் பக்க அட்டவணையில் உள்ள 46 பதிவுகளில் 11 இடம் மாறியிருக்கின்றன. தொகையில் பெரியவை இந்தப் பதினொன்றுதான். திருத்திக் கூட்டினால், கடன் கொடுத்தவராக நூல் காட்டும் குடும்பம் கடன் வாங்கியதாக ஆகிறது. எனவே இந்த அத்தியாயத்தின் முடிவு நிற்காது. நான்காம், ஐந்தாம் அத்தியாயங்கள் இந்த அட்டவணையைச் சார்ந்தவை அல்ல.

கடன் உறவுகள் பற்றிய முந்தைய ஆய்வுகளில் இரண்டு நூற்பட்டியலில் இருந்தும், அவை முன்வைக்கும் எதிர்வாதத்துக்கு நூலில் பதில் இல்லை. வேறு இரண்டு இடம்பெறவே இல்லை. 141, 203ஆம் பக்கங்களில் நூலே எடுத்துக்காட்டும் கடிதங்களில் கைம்பெண்கள் கடன் சீட்டில் கையெழுத்திடுகிறார்கள். கடன் யாருடைய கையில் இருந்தது என்று கேட்கும் நூல் இதைப் பேசாமல் கடந்துபோகிறது. முன்னுரையின் வாதம் இரண்டு, ஐந்து, ஆறு அத்தியாயங்களில் புதிய சான்றின்றித் திரும்ப வருகிறது."

முதல் பத்தியைவிட இது மென்மையானதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழையதைப் படித்தால் மதிப்புரையாளர் கோபமாக இருக்கிறார் என்று தெரியும். இதைப் படித்தால் மூன்றாம் அத்தியாயம் விழுந்துவிட்டது என்று தெரியும். அதே நேரம் நான்காவதும் ஐந்தாவதும் அந்தப் பிழையால் பாதிக்கப்படவில்லை என்பதும் தெரியும். ஆசிரியருக்கு நியாயமாகச் சேர வேண்டிய தகவல் அது. பழைய பத்தியில் அது இல்லை.

வரிசை மாறாவிட்டாலும் அளவுகள் மாறியிருப்பதைக் கவனியுங்கள். கோபத்தில் எழுதும்போது எல்லாத் தவறும் ஒரே உயரத்தில் நிற்கும். கணக்கேட்டுப் பிழையும் கூறியது கூறலும் ஒரு வரி ஒரு வரி. இங்கே நூலின் முடிவைத் தாக்குவதற்கு முழுப் பத்தி, மற்றதற்கு ஒரு வரி.

ஆரம்பத்தில் நூலின் வாதத்தை இவ்வளவு நல்லபடியாகச் சொல்வது ஏன்? இனிப்புத் தடவுவதுதானே?

பாராட்டாக இருந்தால் இனிப்புத் தடவல்தான். "கடும் உழைப்பில் உருவான அரிய நூல்" என்று தொடங்கி ஆறு ஆட்சேபம் அடுக்கினால் யாரும் அந்த முதல் வரியை நம்ப மாட்டார்கள். நான் அதை வெட்டிவிடுவேன்.

இங்கே நடப்பது வேறு. நன்னூல் ஏழு வகை மதங்களைச் சொல்கிறது. மதம் என்றால் அங்கே நூல் எழுதுபவர் கொள்ளும் நிலைப்பாடு. அதில் ஒன்று "பிறர் நூற் குற்றம் காட்டல்". இன்னொன்று "பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல்": மற்றவர் கொள்கையை முதலில் தானே ஏற்று எடுத்துச் சொல்லி, அப்புறம் களைவது. குற்றம் காட்டுவதற்கு முறையாகவே இடம் கொடுக்கும் மரபு, மேற்கொண்டு களைவதற்கும் தனியாக ஒரு பெயர் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

மேற்கொள்வது சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு வழி: அந்த இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் நூலாசிரியர் படித்தால், "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்பாரா? இல்லையென்றால் பின்னால் வரும் ஆட்சேபங்கள் அவர் எழுதாத நூலின் மீது விழுகின்றன.

நூலின் குறைகளுக்குப் பெயர் தேடும்போதும் நன்னூலின் பத்துக் குற்றப் பட்டியல் உதவும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றும் எழுத்தில் உள்ள குறையைச் சொல்கிறது, எழுதியவரைச் சொல்லவில்லை. "ஒப்பேற்றியிருக்கிறார்" என்பது நோக்கத்தைக் குற்றம் சாட்டுகிறது. "கூறியது கூறல்" எந்த அத்தியாயத்தில் என்று கேட்க வைக்கிறது.

ஆசிரியர் உண்மையிலேயே அலட்சியமானவர். அதைச் சொல்லக் கூடாதா?

அலட்சியத்தின் தடயத்தைச் சொல்லுங்கள். "தற்செயலாகத் தேர்ந்து பார்த்த 20 அடிக்குறிப்புகளில் 7 தவறான பக்கத்தைக் காட்டுகின்றன" என்று எழுதினால், பிழைகள் தனித்தனி அல்ல, பரவலானவை என்ற ஆட்சேபம் முழுசாக வந்துவிடுகிறது. எத்தனையைப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். ஏழு என்று மட்டும் எழுதினால், அது இருபதில் ஏழா, எண்ணூறில் ஏழா என்று வாசகருக்குத் தெரியாது.

பிறர் எழுத்தைத் திருடியிருக்கிறார் என்று மதிப்புரை சொன்னால்?

அதை மொழித் திருத்தமாகக் கையாளாதீர்கள். இரண்டு பகுதிகளையும் பக்க எண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதழாசிரியரிடம் கொடுங்கள். அது தனி விசாரணை. முடிவு தெரியும் வரை மதிப்புரை காத்திருக்கலாம்.

"இவர் வேறு நூல் எழுதியிருக்க வேண்டும்" என்ற வகை ஆட்சேபங்களையும் காப்பாற்ற வேண்டுமா?

வேண்டும், ஆனால் அதன் உண்மையான உருவில். பெண்கள் பற்றிய ஆட்சேபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் சான்றில் பெண்களே இல்லையென்றால் அது மதிப்புரையாளரின் விருப்பம். "இந்நூல் எடுத்துக்கொள்ளாத கேள்வி" என்று எழுதலாம். இங்கே நூலே காட்டும் கடிதங்களில் அவர்கள் இருக்கிறார்கள், நூலின் கேள்வியும் அவர்களைத் தொடுகிறது. ஆகவே இது நூலுக்குள்ளிருந்தே எழும் ஆட்சேபம். எது எந்த வகை என்று பிரிக்க, அந்தக் கேள்வி நூலின் சொந்தச் சான்றிலிருந்து எழுகிறதா, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதா என்று பாருங்கள்.

நியாயமாக எழுதினால் நீளம் கூடுகிறது. இதழ் 1,000 சொல்தான் தருகிறது.

நீளம் கூடத்தான் செய்யும். வசவுக்கு ஒரு வரி போதும், சான்றுக்கு நான்கு வரி வேண்டும். நான் முதலில் வெட்டுவது அத்தியாயச் சுருக்கங்களை. "முதல் அத்தியாயத்தில், இரண்டாம் அத்தியாயத்தில்" என்று போகும் 400 சொற்களைப் பெரும்பாலும் 120இல் சொல்லிவிடலாம். அடுத்து, எழுத்துப் பிழை, தவறான ஆண்டு போன்ற சில்லறைக் குறைகளை ஒரே வாக்கியத்தில் பக்க எண்களோடு சேர்த்துவிடுவேன். எதுவும் விடுபடாது, இடமும் மிச்சம்.

எல்லா ஆட்சேபமும் தப்பிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் பார்த்தால் தெரியாது. பழைய பத்தி மனதில் இருப்பதால் இல்லாததும் இருப்பதாகத் தெரியும். மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் திருத்திய வடிவத்தை மட்டும் கொடுத்து, அதில் என்னென்ன ஆட்சேபம், எது மிகக் கடுமையானது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதை உங்கள் முதல் தாளோடு ஒப்பிடுங்கள். நம் உதாரணத்தில் ஆறும் வர வேண்டும், மூன்றாம் அத்தியாயம்தான் கடுமையானது என்று வர வேண்டும். ஐந்துதான் வந்தால், விடுபட்ட ஒன்று ஏதாவது "சற்று" அல்லது "ஓரளவு" என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஆறும் வந்து, கடுமையானது வேறொன்றாக வந்தால், இடத்தைப் பங்கிட்டதில் தவறு.

அப்புறம் தாளையும் திருத்திய வடிவத்தையும் சேர்த்தே மதிப்புரையாளருக்கு அனுப்புங்கள். தன் ஒவ்வொரு ஆட்சேபமும் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று எண்ணைக் கொண்டு அவர் பார்த்துக்கொள்ளலாம். மொழியை மாற்றியதற்காக வரும் கோபம் பெரும்பாலும் அந்தத் தாளைப் பார்த்ததும் தணிந்துவிடுகிறது. தணியாமல், "ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது என்ற வரி இருந்தே ஆக வேண்டும்" என்று அவர் நின்றால், அந்த வரிக்குச் சான்றாக ஒரு பக்க எண் கேளுங்கள். கொடுத்தால் அது ஏழாவது ஆட்சேபம், சேர்த்துக்கொள்ளலாம்.